பதினாறு பைட் கணு

கல்லூரியில் கம்சாவின் அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்டிய அன்று யூலிற்றாதான் கதிரையில் ஏறி நின்று ஆணி அடித்தாள். பியோன் லீவு. பலகை சரிந்து நிற்கிறதா என்று கம்சா கீழே நின்று பார்த்துச் சொன்னாள். இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்து, இல்லை, காணும், இப்ப சரி. "விரிவுரையாளர்" என்ற சொல் யூலிற்றாவின் மூக்குக்கு நேரே இருந்தது. இறங்கி வந்து, வடிவாயிருக்கு என்று சொன்னாள். சொன்ன வாய் அன்று பின்னேரம் வரை கசந்தது.

இருவரும் ஒரே வருடத்தில் ஒரே பட்டம் முடித்தவர்கள். யூலிற்றா முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். கம்சா அக்கராயனில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை. படித்து முடித்ததும் புளியங்குளத்தில் புதிதாகத் தொடங்கிய கணினிக் கல்லூரியில் இருவருக்கும் தற்காலிகப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. கல்லூரிக்குப் பின்னால் அன்னபாக்கியம் அக்காவின் வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு ஒன்றாய் இருந்தார்கள். கம்சாவின் வீட்டிலிருந்து அரிசி வரும். யூலிற்றாவின் வீட்டிலிருந்து கருவாடு வரும். ஒரே குசினி, ஒரே அலுமாரி. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

பிறகு நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. ஒரே நாள், ஒரே அறையில் நேர்முகம். யூலிற்றா அரை மணித்தியாலம் உள்ளே இருந்தாள். கம்சா பதினைந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு கிழமை கழித்து கம்சாவுக்குக் கடிதம் வந்தது.

தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் யூலிற்றா எடுத்தது தொண்ணூற்றொன்று, கம்சா எடுத்தது எண்பத்துநாலு. அந்தப் பாடத்தைத்தான் இப்போது கம்சா படிப்பிக்கிறாள். யூலிற்றா அதே மாணவருக்கு ஆய்வுகூடத்தில் பயிற்சி செய்விக்கிறாள். தொண்ணூற்றொன்று, எண்பத்துநாலு என்ற இரண்டு எண்களையும் அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கம்சா வகுப்புக்குப் போகும் நேரமெல்லாம், மாணவர் எழும்பி நிற்கும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும்போதெல்லாம், அந்த எண்கள் அவள் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்.

கம்சாவுக்கு இது தெரிந்ததா என்றால், தெரிந்த மாதிரி அவள் நடக்கவில்லை. எதற்கும் யூலிற்றாவைத்தான் தேடி வருவாள். அந்தத் தேடி வருதலே யூலிற்றாவுக்குப் பொறுக்காமல் போனது. பதவி உனக்கு, மூளை மட்டும் என்னுடையதா என்று நினைப்பாள்.

தைமாதம் பரீட்சைத்தாள் தயாரிக்கும் காலத்தில் ஒருநாள், தேத்தண்ணி குடிக்கும்போது கம்சா ஒரு கேள்வியைக் காட்டினாள். ஐதான தாயம் பற்றிய கேள்வி. தாயம் என்றால் நிரையும் நிரலுமாக எண்களை அடுக்கிய அட்டவணை. பெரும்பாலான இடங்களில் வெறும் பூச்சியமே இருந்தால் அது ஐதான தாயம்.

கம்சாவின் கேள்வி ஒரு நூலகத்தைப் பற்றியது. நானூறு மாணவர், முந்நூறு நூல்கள். மாணவருக்கு ஒரு நிரை, நூலுக்கு ஒரு நிரல். எந்த மாணவர் எந்த நூலை எத்தனை தரம் இரவல் எடுத்தார் என்பது கட்டத்துக்குள் இருக்கும். மொத்தம் ஓர் இலட்சத்து இருபதாயிரம் கட்டம். ஒரு கட்டத்துக்கு நாலு பைட் என்றால் நாலு இலட்சத்து எண்பதாயிரம் பைட். ஆனால் பூச்சியமல்லாத கட்டங்கள் ஆயிரத்து இருநூறுதான். மிச்சமெல்லாம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்வதற்காக மட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பூச்சியங்களை விட்டுவிட்டு, உள்ள எண்களை மட்டும் கணு என்னும் சிறு பெட்டித் தொகுதிகளில் வைத்து, அடுத்ததைக் காட்டும் சுட்டிகளால் கோத்து, ஒவ்வொரு நிரைக்கும் ஒரு பட்டியலாக வைத்தால் எவ்வளவு நினைவகம் மிஞ்சும் என்பதே கேள்வி.

யூலிற்றா வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"இது முதலாம் வருசத்துக் கேள்வி. நிரை மட்டும் காணுமே? ஒரு மாணவன் என்னென்ன நூல் எடுத்தான் எண்டு கேட்டா நிரைப் பட்டியலில போய்ப் பார்க்கலாம். ஒரு நூலை ஆரார் எடுத்தினம் எண்டு கேட்டா? நானூறு நிரையையும் தேட வேணும். நிரலுக்கும் பட்டியல் போடச் சொல்லிக் கேள்."

கம்சா உடனே தாளை வாங்கி ஓரத்தில் குறித்துக்கொண்டாள். நல்ல யோசனை என்றாள். அவள் அப்படித் தலையாட்டி ஏற்றுக்கொண்டது யூலிற்றாவுக்கு ஒரு வெற்றியாகவும் இருந்தது, ஏதோ களவு போனது மாதிரியும் இருந்தது. இனி அது கம்சாவின் கேள்வி.

ஒரு கிழமை கழித்து, திருத்திய கேள்வித்தாளையும் விடைத்திட்டத்தையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு கம்சா ஆய்வுகூடத்துக்கு வந்தாள். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்பதால் ஆள் குறைவு. தாள் தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், இரண்டு கையெழுத்தும் இருந்தால் அச்சுக்குப் போகும். பயிற்றுநரும் சரிபார்க்கலாம் என்று துறைத்தலைவர் அப்புத்துரை விட்டிருந்தார்.

"ஒருக்கா வடிவாப் பார்த்துத் தா. கணக்கில எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு" என்றாள் கம்சா.

யூலிற்றா கோப்பை வாங்கி மேசையில் வைத்தாள். அன்று முழுக்க அது அங்கேயே கிடந்தது. இரண்டு தரம் கையில் எடுத்தாள். முதல் பக்கத்தில் "தயாரித்தவர்" என்ற இடத்தில் கம்சாவின் பெயரும் பதவியும் அழகாகத் தட்டச்சாகி இருந்தன. "சரிபார்த்தவர்" என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே போக அவளுக்கு மனம் வரவில்லை. கம்சாவின் பிழைகளைப் பொறுக்கிக் கொடுத்து, அவளை இன்னும் கெட்டிக்காரியாக்கி விடுவதா? பின்னேரம் கம்சா வந்து கேட்டபோது பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கோப்பை நீட்டினாள். எல்லாம் சரிதானே என்று கம்சா கேட்டாள். ஓம் என்று விட்டு யூலிற்றா கணினித் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரீட்சை மாசியில் நடந்தது. எண்பத்தாறு பேர் எழுதினார்கள். யூலிற்றா மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றாள். ஐதான தாயக் கேள்வி மூன்றாவதாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ரஜிதா என்ற மாணவி அந்தக் கேள்விக்குப் பெட்டி பெட்டியாகப் படம் கீறிக்கொண்டிருந்ததை யூலிற்றா கண்டாள். ரஜிதா மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. தாய் வீரம்மா வயல் கூலிக்குப் போகிறவர். இந்தப் பாடத்தை ரஜிதா எழுதுவது இது இரண்டாம் தரம். ஆய்வுகூடத்தில் எல்லோரும் போன பிறகும் இருந்து, மிஸ், இந்தச் சுட்டி எங்க போகுது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஐந்து என்ற இலக்கத்துக்குத் தொப்பி போடாமல் விட்டுவிடுவாள். அதனால் அது எஸ் எழுத்து மாதிரி நிற்கும். அதற்காக யூலிற்றா பல தரம் ஏசியிருக்கிறாள்.

விடைத்தாள்களைக் கம்சாவே திருத்தினாள். புள்ளிகளைச் சரியாகக் கூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது பயிற்றுநர் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, எண்பத்தாறு தாளும் கட்டாக யூலிற்றாவின் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனவளின் கண்ணில், தொப்பியில்லாத ஐந்து பட்டது. மொத்தம் முப்பத்தொன்று. சித்தியடைய நாற்பது வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைந்தது என்று மூன்றாம் கேள்விக்குப் புரட்டினாள். ரஜிதா கணுவைப் படமாகக் கீறியிருந்தாள். ஐந்து பெட்டி. நிரை இலக்கம், நிரல் இலக்கம், பெறுமானம், அதே நிரையில் அடுத்த கணுவைக் காட்டும் சுட்டி, அதே நிரலில் அடுத்த கணுவைக் காட்டும் சுட்டி. ஒவ்வொன்றும் நாலு பைட் என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தது. ஆகவே ஒரு கணு இருபது பைட். ஆயிரத்து இருநூறு கணுவுக்கு இருபத்துநாலாயிரம். நானூறு நிரைக்கும் முந்நூறு நிரலுக்கும் தொடக்கத்தைக் காட்ட எழுநூறு சுட்டி, அது இரண்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் இருபத்தாறாயிரத்து எண்ணூறு பைட். முழு அட்டவணை பிடிக்கும் இடத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான் என்று முடித்திருந்தாள்.

படத்துக்கு முழுப் புள்ளி கிடைத்திருந்தது. கணக்குக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் கம்சாவின் கையெழுத்தில் "கணு 16 பைட்" என்று இருந்தது.

யூலிற்றா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த பகுதிக்குப் போனாள். எத்தனை பூச்சியமல்லாத எண்கள் வரை இந்த முறை இடத்தை மிச்சம் பிடிக்கும் என்று அதில் கேட்டிருந்தது. இது முக்கியமான கேள்வி. ஏனென்றால் பட்டியல் எப்போதும் சிக்கனம் என்று நினைப்பது பிழை. ஒவ்வோர் எண்ணும் தன்னோடு இன்னும் நாலு பெட்டியைச் சுமந்துகொண்டு வருகிறது. தாயம் நிரம்ப நிரம்ப, அந்தச் சுமை வெறும் அட்டவணையை மிஞ்சிவிடும். ரஜிதா இருபத்துமூவாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த எண்ணில் இரண்டும் சமமாகிவிடும், பிறகு நட்டம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். அதற்கும் சிவப்புக் கோடு. முறைக்காக ஒரு புள்ளி.

விடைத்திட்டத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் பகுதியில் ஐந்து பெட்டிக் கணு படம் இருந்தது. கீழே கணக்கில் கணுவுக்குப் பதினாறு பைட். நடந்தது என்ன என்று அவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது. முதலில் நிரைப் பட்டியலுக்கு மட்டும் எழுதிய கேள்வியில் கணுவுக்கு நாலு பெட்டி, பதினாறு பைட் சரி. நிரலைச் சேர்த்தபோது கம்சா படத்தை மாற்றியிருக்கிறாள், எழுநூறு தொடக்கச் சுட்டிகளையும் மாற்றியிருக்கிறாள். கணுவின் அளவை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். கணு இரண்டு பட்டியலில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு சுட்டி வேண்டும். இந்தப் பாடத்தின் உயிரே அதுதான். அதையே விரிவுரையாளர் விட்டுவிட்டார்.

அந்த நேரம் யூலிற்றாவின் மனதில் எழுந்தது ரஜிதாவுக்கான இரக்கம் என்று சொன்னால் பொய். முதலில் எழுந்தது சந்தோசம். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இளகி ஓடியது போல இருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுத்த அறையின் கதவைத் தட்டி, கம்சா, இதைப் பார் என்று சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம். அவள் போகவில்லை. வியாழக்கிழமை துறைக்கூட்டம். புள்ளிகளை வாசித்து முடிவாக்கும் கூட்டம். எல்லோரும் இருப்பார்கள். அங்கே சொல்லலாம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். கம்சா பாவற்காய்க் கறி வைத்தாள். யூலிற்றா கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் சாப்பிட்டாள். கம்சா தன் வகுப்பில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்தபோது, யூலிற்றாவும் சிரித்துக்கொண்டு அவளின் முகத்தையே பார்த்தாள். வியாழன் இந்த முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். புதன் பின்னேரம் ரஜிதா ஆய்வுகூடத்துக்கு வந்து, புள்ளி எப்ப மிஸ் வரும் என்று கேட்டாள். இந்த முறையும் விட்டால் அம்மா படிப்பை நிப்பாட்டச் சொல்லிவிடுவா என்றும் சொன்னாள். யூலிற்றா அவளைப் பார்க்காமல், கெதியாய் வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

வியாழன் பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அப்புத்துரை தலைமைக் கதிரையில் இருந்தார். கம்சா, மற்ற இரண்டு விரிவுரையாளர், பயிற்றுநர் கிருபன், யூலிற்றா. ஒவ்வொரு பாடமாக வாசித்தார்கள். தரவுக் கட்டமைப்பு வந்தது. எண்பத்தாறு பேரில் முப்பத்துநாலு பேர் சித்தியில்லை என்று கம்சா வாசித்தபோது அப்புத்துரை நிமிர்ந்து, ஏன் இவ்வளவு என்று கேட்டார். மூன்றாம் கேள்வியில் பிள்ளைகள் நல்லாப் பிழை விட்டுட்டினம் சேர் என்றாள் கம்சா.

யூலிற்றா காத்திருந்த இடம் அதுதான்.

"பிள்ளையள் பிழை விடேல்ல சேர்" என்றாள். "விடைத்திட்டத்தில பிழை. நிரலுக்கும் பட்டியல் போட்டா கணுவில ரெண்டு சுட்டி வேணும். இருபது பைட். திட்டத்தில பதினாறு எண்டு கிடக்கு. சரியாச் செய்த பிள்ளைக்கு வெட்டியிருக்கு, பிழையாச் செய்த பிள்ளைக்குப் புள்ளி போட்டிருக்கு."

கம்சா கோப்பைத் திறந்து விடைத்திட்டத்தை எடுத்தாள். படத்தில் விரலை வைத்தாள். பிறகு கணக்கில் வைத்தாள். அவளின் காதோரம் சிவந்தது. எழுந்து வெண்பலகைக்குப் போய், ஐந்து பெட்டி கீறி, ஒவ்வொன்றின் கீழும் நாலு எழுதிக் கூட்டினாள். இருபது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிழை என்ரதுதான் சேர்" என்றாள். யாரையும் பார்க்கவில்லை.

யூலிற்றா எதிர்பார்த்த நிமிடம் வந்துவிட்டது. ஆனால் அது எதிர்பார்த்த மாதிரி இல்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. கிருபன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புத்துரை விடைத்திட்டத்தைக் கேட்டு வாங்கினார். கணக்கைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"சரிபார்த்தது நீங்கள் எண்டு கிடக்கு, யூலிற்றா."

மூன்று நாளாக அவள் கூட்டத்தை நினைத்தாள், கம்சாவின் முகத்தை நினைத்தாள், தான் பேசப்போகும் வார்த்தைகளை நினைத்தாள். அந்தக் கையெழுத்தை மட்டும் ஒருபோதும் நினைக்கவில்லை.

"ஓம் சேர்."

"பிழையை எப்ப கண்டனீங்கள்?"

"திங்கக்கிழமை."

"இண்டைக்கு வியாழன்" என்றார் அப்புத்துரை.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகவும் சொல்லவில்லை. புள்ளிகள் இன்னும் வெளியாகாதது நல்ல காலம் என்றார். திட்டத்தைத் திருத்தி, மூன்றாம் கேள்வியை எண்பத்தாறு தாளிலும் திரும்பத் திருத்த வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டும், கூடுகிறவருக்குக் கூட்டவும் குறைகிறவருக்குக் குறைக்கவும் வேண்டும், திங்கள் காலை தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கம்சாவின் அறையில் இருவரும் எதிரெதிரே இருந்து திருத்தத் தொடங்கினார்கள். வீட்டில் முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. கம்சா புதிய விடைத்திட்டத்தை எழுதி, படி எடுத்து, ஒன்றை யூலிற்றாவின் பக்கம் தள்ளினாள். வெளியே ஏ-ஒன்பது வீதியில் யாழ்ப்பாணத்து பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஒருவர் முடித்த தாளை மற்றவர் பார்க்க வேண்டும். தாளை வாங்குவது, பார்ப்பது, கையெழுத்துப் போடுவது, அடுத்தது.

பத்துத் தாள் போனபின் கம்சா பேனையை வைத்தாள்.

"ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லாமச் சொல்லு. நீ அண்டைக்கு அதை வாசிச்சும் பிழை உனக்குப் பிடிபடேல்லையா, இல்லாட்டி வாசிக்கவே இல்லையா?"

யூலிற்றாவுக்கு இரண்டு வழி இருந்தது. வாசித்தேன், கண்ணில் படவில்லை என்று சொல்லலாம். மனுசருக்குப் பிழை வரும், கம்சாவும் அதை ஏற்றுக்கொண்டு விடுவாள். சினேகம் தப்பிவிடும். ஆனால் அப்படிச் சொன்னால், ஐந்து பெட்டிக்கும் நாலு பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளாகத் தான் நின்றுவிடுவாள். தொண்ணூற்றொன்று எடுத்தவள். அதைக் கம்சாவின் முன்னால் ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. கொடுமைக்காரி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, கம்சா விட்ட பிழையைத் தானும் விட்டவள் என்ற பெயர் வேண்டாம் என்று இருந்தது. இதைப் பின்னாளில் நினைத்துப் பார்க்கும்போது அவளுக்கே வெட்கமாக இருக்கும். அந்த நேரம் வாய் முந்திக்கொண்டது.

"வாசிக்கவே இல்லை" என்றாள். "வாசிச்சிருந்தாப் பிடிச்சிருப்பன்."

கம்சா மெல்லத் தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும். நீ பிடிச்சிருப்பாய். அதாலதான் உன்னட்டத் தந்தனான்." பேனையை மூடினாள். "அந்த இன்டர்வியூவில உன்னைத்தான் எடுப்பினம் எண்டு நான் வீட்டில சொல்லிட்டு வந்தனான். இந்தப் பாடத்தைப் படிப்பிக்கேக்க ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் போறன். பக்கத்தில நீ இருக்கிறாய் எண்ட ஒரு தைரியம். அதுவும் இல்லையெண்டு இப்பத்தான் தெரியுது."

எட்டு மாதமாக யூலிற்றா யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய சொல் அது. உனக்குத்தான் கூடத் தெரியும் என்ற சொல். அதைச் சொல்ல வேண்டியவளே சொல்லிவிட்டாள். ஆனால் அதைக் கையில் எடுத்து மகிழ இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த தாளை இழுத்தாள்.

ரஜிதாவின் தாள் யூலிற்றாவின் கட்டில் வந்தது. கணக்குக்கு ஏழு, அடுத்ததற்கு ஏழு. முன்னர் இரண்டுக்குமாகக் கிடைத்தது மூன்று. பதினொன்று கூடியது. நாற்பத்திரண்டு. கடைசிப் பகுதியில், நூல் ஒன்று தொலைந்து ஒரு கணுவை நீக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தது. நிரைப் பட்டியலில் இருந்து மட்டும் கழற்றினால் காணாது, நிரல் பட்டியலிலும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்தில் செத்தது மற்றப் பக்கத்தில் உயிரோடு நிற்கும் என்று ரஜிதா தன் பாட்டில் எழுதியிருந்தாள். கம்சா அதற்கு முதலே முழுப் புள்ளி போட்டிருந்தாள். "நல்ல விளக்கம்" என்று ஓரத்தில் எழுதியும் இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்தது. இருபத்துமூன்று பேருக்குக் கூடியது. ஒன்பது பேருக்குக் குறைந்தது. குறைந்தவர்களில் ஒருத்தி கலிஸ்ரா. யூலிற்றாவின் ஊர், அதே தேவாலயப் பங்கு, அவளின் கையெழுத்தும் தெரிந்த கையெழுத்து. நாலு பெட்டி மட்டும் கீறி, பதினாறு பைட் என்று எழுதி, பிழைத்திட்டத்தின் தயவில் முன்பு நாற்பத்தாறு எடுத்திருந்தாள். இப்போது முப்பத்தைந்து. யூலிற்றா அந்தத் தாளை இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தாள். எங்காவது ஒரு புள்ளி கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. கம்சாவிடம் நீட்டினாள். கம்சாவும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

புள்ளிகள் செவ்வாய்க்கிழமை வெளியாகின. ரஜிதா ஆய்வுகூடத்துக்கு ஓடி வரவில்லை. நேரே கம்சாவின் அறைக்குப் போனாள். கம்சா மிஸ் பாஸ் பண்ணி விட்டவா என்று வெளியே நின்ற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போனது யூலிற்றாவுக்குக் கேட்டது. சுட்டி எங்கே போகிறது என்று மாலை மாலையாய் இருந்து காட்டிக் கொடுத்தவள் சுவருக்கு இப்பால் இருந்தாள். பழைய கசப்பு பழைய இடத்தில் அப்படியே எழுந்தது. அன்று பின்னேரம் கலிஸ்ரா வந்தாள். அழவில்லை. மிஸ், நான் எங்க பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டாள். யூலிற்றா அவளை இருத்தி, ஒரு தாளில் நானூறு நிரையையும் முந்நூறு நிரலையும் சுருக்கி நாலுக்கு நாலாகக் கீறி, ஒரு கணு இரண்டு பட்டியலில் நிற்பதென்றால் என்ன என்று காட்டினாள். கலிஸ்ரா கடைசியில், ஓ, கீழையும் ஒரு சுட்டி வேணும் என்றாள். அடுத்த முறை எழுதுவம் என்றாள் யூலிற்றா.

பங்குனி முடிவில் கம்சா அறையை விட்டுப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் தமக்கை வீடு இருக்கிறது, பஸ்ஸில் வந்து போகலாம் என்று அன்னபாக்கியம் அக்காவிடம் சொன்னாள். அரிசி மூட்டையில் பாதியை யூலிற்றாவுக்கு விட்டுப் போனாள். யூலிற்றா, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, நில் என்று சொல்லவும் இல்லை. அன்றிரவு என்ன சொல்லியிருக்கலாம் என்று பல வசனங்கள் தோன்றின. ஒன்றிலும் "மன்னி" என்ற சொல் தொடக்கத்தில் வரவில்லை. கடைசியில்தான் வந்தது, அதுவும் கம்சா போன பிறகு.

அதை அவள் ஒரு நாள் சொல்லத்தான் செய்தாள். வைகாசியில், அடுத்த பரீட்சைத்தாள் தயாரிக்கும் நேரம், கம்சாவின் அறைக்கதவைத் தட்டினாள். கம்சா கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி, வா, இரு என்றாள். யூலிற்றா இருக்கவில்லை. நின்றபடியே, தான் திங்கட்கிழமையே வந்து சொல்லியிருக்க வேண்டும் என்றாள். அதற்கு முதலே அந்தக் கோப்பை வாசித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். உன் மேல் எனக்கு எரிச்சல், இப்பவும் முழுக்கப் போகவில்லை, ஆனால் மன்னித்துக்கொள் என்றாள். கம்சா, சரி என்றாள். அந்தச் சரியில் கோபம் இல்லை. பழைய உரிமையும் இல்லை.

மேசையில் புதிய கேள்வித்தாள் கோப்பு கிடந்தது.

"தா, நான் பார்த்து விடுறன். இந்த முறை வடிவாப் பார்ப்பன்" என்றாள் யூலிற்றா.

"கிருபனிட்டக் குடுத்திட்டன்" என்றாள் கம்சா. "அவன் பார்த்துத் தந்தும் விட்டான்."

யூலிற்றா ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆய்வுகூடத்தில் கிருபன் மூலைக்கணினியில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். பாவம், அவன் ஒன்றும் அறியாதவன். அவனைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. பிறகு தன் இடத்தில் போய் இருந்து, அன்றைய பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவதற்குள் வெண்பலகையில் ஐந்து பெட்டி கீறத் தொடங்கினாள்.